ஏ.சி. போட்டால் கார் நின்றுவிடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள பதில்கள் பெட்ரோலில் ஓடும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் கொண்ட எம்.பி.எஃப்.ஐ. கார்களுக்கானவை. இந்தப் புகார் ஆண்டு முழுவதும் வந்தாலும் பங்குனி பிறந்ததும் கூடிவிடுகிறது. வெயில் ஏறினால் ஏ.சி. வாயுவின் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் கம்ப்ரஸரைச் சுழற்ற எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும். மார்கழியில் மறைந்திருந்த குறை சித்திரையில் வெளியே வருவது அதனால்தான்.

ஏ.சி. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் நடுங்கி அணைந்துவிடுகிறது. ஏ.சி. இல்லாமல் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. கோளாறு ஏ.சி.யில்தானே?

பத்தில் எட்டு வண்டிகளில் என்று சொல்ல என்னிடம் கணக்கேடு இல்லை. ஆனால் முதலில் ஏ.சி.யில் கைவைக்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். எஞ்சின் வெறுமனே ஓடும் நேரத்தில், அதாவது ஐட்லிங்கில், அதன் கையில் மிச்சமிருக்கும் வலு மிகக் குறைவு. நிமிடத்துக்கு 700, 800 சுற்றுகளில் தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளப் போதுமான காற்றும் பெட்ரோலும் மட்டுமே அதற்குக் கிடைக்கின்றன. அந்த நிலையில் ஏ.சி.யை இயக்கினால் மூன்று சுமைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுகின்றன: கம்ப்ரஸர், ரேடியேட்டரைக் குளிர்விக்கும் விசிறி, அந்த விசிறிக்கு மின்சாரம் தர வேண்டிய ஆல்டர்னேட்டர்.

நல்ல நிலையில் உள்ள வண்டி இதைத் தாங்குவது எப்படி என்று தெரிந்தால் மற்றவை எளிதாகப் புரியும். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் கம்ப்ரஸர் உடனே ஓடத் தொடங்குவதில்லை. அந்தக் கோரிக்கை முதலில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வுக்குப் போகிறது. இ.சி.யு. முதலில் எஞ்சினுக்குள் போகும் காற்றைச் சற்றுக் கூட்டுகிறது. காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலும் கூடுகிறது. அதன் பிறகே, நொடியின் ஒரு பங்கு தாமதித்து, கம்ப்ரஸரின் காந்தக் கிளட்சைச் சேர்க்கிறது. அப்போதுதான் அந்த ‘டக்’ ஓசை கேட்கும். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஒரு கணம் இறங்கி, முன்பு இருந்ததைவிட 50 முதல் 150 சுற்றுகள் மேலே போய் நிற்கும்.

ஆக, எஞ்சின் அணைகிறது என்றால் கேட்ட நேரத்தில் கேட்ட அளவு காற்று கிடைக்கவில்லை என்பதே முதல் சந்தேகம். சுமை அளவுக்கு மீறியிருப்பது இரண்டாவது சந்தேகம்.

பேட்டரி மாற்றிய மறுநாளில் இருந்துதான் இப்படி நடக்கிறது. அதுவரை வண்டி நன்றாக ஓடியது. புது பேட்டரி மட்டமானதா?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தில் அதிக இடம் தர வேண்டும். புது பேட்டரியைக் குறை சொல்லிக் கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

உங்கள் வண்டியில் ஆக்சிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே கம்பி இல்லாத மின்னணு த்ராட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் அதுதான். த்ராட்டில் பாடி என்பது காற்று வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள அலுமினியக் குழாய். அதனுள் வட்டத் தகடு ஒன்று ஒரு சிறு மோட்டாரால் திரும்புகிறது. ஐட்லிங்கின்போது அந்தத் தகடு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். தகட்டின் ஓரத்துக்கும் குழாயின் சுவருக்கும் இடையே உள்ள மெல்லிய பிறை வடிவ இடுக்கு வழியாகத்தான் எஞ்சின் மூச்சு விடுகிறது.

எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் எண்ணெய் ஆவியை வெளியே விடாமல் மறுபடியும் எரிக்க, ஒரு குழாய் வழியாக உள்ளிழுப்புப் பாதைக்கே அனுப்புகிறார்கள். அந்த எண்ணெய்ப் பசையும், வடிகட்டியைத் தாண்டி வரும் நுண்தூசியும் அந்த இடுக்கில்தான் கரியாகப் படிகின்றன. தாள் கனத்துக்குப் படிந்தாலே போதும், அங்கே காற்றுப் பாதை கணிசமாகக் குறைந்துவிடும். வேகமாகப் போகும்போது தகடு அகலத் திறப்பதால் வித்தியாசமே தெரியாது.

இ.சி.யு. இதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஐட்லிங் குறைகிறதே என்று தகட்டை ஒரு மயிரிழை கூடுதலாகத் திறந்து வைக்கப் பழகிக்கொள்கிறது. கரி கூடக் கூட இந்தத் திருத்தமும் கூடுகிறது. ஐந்தாறு ஆண்டுகள் இப்படியே போகும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் பேட்டரியைக் கழற்றுகிறீர்கள். பல வண்டிகளில் இந்தக் கற்றல் முழுவதும் பேட்டரி மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவில் நிற்கும். புது பேட்டரியைப் பூட்டியதும் இ.சி.யு. தொழிற்சாலையில் இருந்து வந்த புதுத் த்ராட்டில் இருப்பதாக எண்ணிக்கொண்டு தகட்டைப் பழைய அளவுக்கே திறக்கிறது. அங்கே கரி அடைத்திருக்கிறது. வெறும் ஐட்லிங் எப்படியோ தாக்குப்பிடிக்கும், ஏ.சி. போட்டதும் மூச்சு முட்டி அணைந்துவிடும்.

கோவையில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஒன்பது வயதான 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 80,000 கிலோமீட்டரைத் தாண்டியது. பேட்டரி மாற்றிய மறுநாள் ஒவ்வொரு சிக்னலிலும் அணைந்திருக்கிறது. உரிமையாளர் கடைக்குத் திரும்பிப் போய்ச் சண்டையிட்டு வேறொரு பேட்டரி வாங்கிப் பூட்டினார். அதே கதை. அடுத்துப் பார்த்த இடத்தில் கம்ப்ரஸர் இறுகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்களாம்.

நாங்கள் மல்டிமீட்டரில் இருந்து தொடங்கினோம். எஞ்சின் ஓடாதபோது 12.7 வோல்ட், ஓடும்போது 14.1. ஏ.சி., ஹெட்லைட், உள்விசிறி எல்லாவற்றையும் போட்டு, எஞ்சின் அணையாமல் லேசாக ரேஸ் கொடுத்தபடி பார்த்தால் 13.4. பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் அதோடு விடுவிக்கப்பட்டன. அப்படி 1,000 சுற்றில் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஏ.சி. அருமையாகக் குளிர்ந்தது, எஞ்சினில் முனகலோ பெல்ட் சத்தமோ இல்லை. இறுகிப்போன கம்ப்ரஸர் என்றால் 1,000 சுற்றில் மட்டும் இளகிவிடாது. எனவே அதுவும் விடுவிக்கப்பட்டது. காலை எடுத்ததும் முள் 700-க்கு வந்து நடுங்கியது, ஏ.சி. போட்டதும் 450 வரை விழுந்து ஒருமுறை தப்பியது, அடுத்த முறை அணைந்தது. இ.சி.யு. பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் `P0506` என்று ஒரே ஒரு குறி காத்திருந்தது. எதிர்பார்த்ததைவிட ஐட்லிங் குறைவு என்பது அதன் பொருள்.

காற்றுக் குழாயைக் கழற்றியபோது தகட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம். துடைத்துப் பூட்டி, இ.சி.யு.வுக்கு மறுபடி கற்றுக்கொடுத்த பிறகு, ஏ.சி. போட்டால் முள் 700-க்குக் கொஞ்சம் கீழே தொட்டு 850-இல் வந்து நின்றது. செலவு ஒரு கேன் க்ளீனரும் கூலியும்தான். புது பேட்டரி மட்டமானதாக இருக்கவில்லை. பழைய பேட்டரியோடு பழைய நினைவும் போய்விட்டது.

த்ராட்டில்தான் காரணம் என்று பட்டறைக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஓரளவு உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சுமைகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள்.

முதலில் ஏ.சி. பொத்தானைத் தொடாமல் உள்விசிறியை முழு வேகத்தில் வைத்து, ஹெட்லைட்டையும் போடுங்கள். பவர் ஸ்டீயரிங் இருந்தால் ஒருமுறை முழுதாகத் திருப்புங்கள். ஏ.சி. இல்லாமலேயே முள் நடுங்கி இறங்கினால், எந்தச் சுமை வந்தாலும் எஞ்சின் தடுமாறுகிறது என்று பொருள். அப்போது ஐட்லிங் காற்றையும் மின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் அசையாமல் தாங்கிவிட்டு, கம்ப்ரஸர் சேரும் ‘டக்’ ஓசையோடு மட்டும் விழுந்தால் இரண்டு வழிகள் பிரிகின்றன. அதைப் பிரித்துக் காட்டுவது உங்கள் கால்தான். 1,000 அல்லது 1,200 சுற்றில் பிடித்துக்கொண்டு ஏ.சி. போடுங்கள். அங்கே வண்டி அமைதியாக இருந்தால் குறை காற்றில். அங்கேயும் எஞ்சின் திணறி, பெல்ட் கீச்சிட்டு, ரப்பர் கருகும் வாசனை வந்தால் குறை கம்ப்ரஸரிலோ வாயு அழுத்தத்திலோ இருக்கிறது. உடனே ஏ.சி.யை அணைத்துவிடுங்கள்.

இன்னொரு அடையாளம் உண்டு. நின்ற இடத்தில் சமாளித்துவிடும், ஆனால் ஓடிவந்து சிக்னலுக்காகக் கிளட்சை மிதித்ததும் அணைந்துவிடும். கரி படிந்த த்ராட்டிலின் கைவரிசை பெரும்பாலும் இதுதான். காலை எடுத்து வேகம் குறையும்போது இ.சி.யு. பெட்ரோலை நிறுத்தி வைத்திருக்கும்; சுற்று கீழே வரும்போது மறுபடி கொடுத்து, தகட்டைத் திறந்து, விழுகிற எஞ்சினை ஏந்திக்கொள்ள வேண்டும். இடுக்கு அடைத்திருந்தால் ஏந்துவதற்குள் தாண்டிப் போய்விடுகிறது.

காற்றுக் கசிவையும் மறந்துவிடக் கூடாது. வெடித்த ரப்பர் குழாய் வழியாக அளக்கப்படாத காற்று உள்ளே போனாலும் ஐட்லிங் ஆடும். ஆனால் அப்போது வழக்கமாகச் சுற்று ஏறி இறங்கி ஊஞ்சலாடும். கூடவே ‘ஸ்ஸ்’ என்ற ஓசையும் கேட்கலாம்.

த்ராட்டில் பாடியை நானே சுத்தம் செய்யலாமா?

ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்கள் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பொறுமை வேண்டும்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்; சாவி வெளியே இருக்க வேண்டும். க்ளீனர் எளிதில் தீப்பற்றும் திரவம், ஆகவே காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல் செய்யுங்கள். காற்று வடிகட்டியில் இருந்து வரும் பெரிய குழாயின் வளையத்தைத் தளர்த்திக் கழற்றினால் தகடு தெரியும். குழாயில் காற்றளவு சென்சார் செருகப்பட்டிருந்தால் அதன் இணைப்பைப் பதமாகப் பிரியுங்கள். அதன்மேல் க்ளீனர் ஒரு துளிகூடப் படக்கூடாது.

கடையில் த்ராட்டில் பாடி க்ளீனர் என்றே கேட்டு வாங்குங்கள். கார்புரேட்டர் க்ளீனரையே பலரும் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பல த்ராட்டில்களின் உட்சுவரிலும் தகட்டு ஓரத்திலும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். கடுமையான கரைப்பான் அதை அரித்துவிடும். அந்தப் பூச்சையே அழுக்கு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படித் தேய்த்த த்ராட்டிலில் இடுக்கின் அளவே மாறிவிடும். பிறகு ஐட்லிங் ஒருநாளும் படியாது.

திரவத்தைக் குழாய்க்குள் பீய்ச்சி அடிப்பதைவிடத் துணியில் நனைத்துத் துடைப்பது நல்லது. அதிகம் பீய்ச்சினால் தகட்டு அச்சின் வழியே மோட்டார் பக்கத்துக்கு இறங்கிவிடும். மென்மையான பழைய பல்துலக்கியால் ஓரத்தில் உள்ள கரியைத் தளர்த்தித் துடையுங்கள். முக்கியமான இடம் தகட்டின் பின்பக்கமும், மூடும்போது அது உரசும் அந்த வளையக் கோடும்தான். முன்பக்கத்தை மட்டும் பளபளப்பாக்கிப் பயன் இல்லை. பின்பக்கத்தை எட்டுவதற்காக மின்னணுத் த்ராட்டிலின் தகட்டை விரலால் அழுத்தித் திறப்பதுதான் இந்த வேலையில் ஆபத்தான கட்டம். உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் இருக்கின்றன. வலுவாகத் தள்ளினால் பல் முறியும். சாவி போட்ட நிலையில் தள்ளினால் மோட்டார் திருப்பித் தள்ளும், விரலும் சிக்கும். அதனால் நான்கு போல்ட்டுகளைக் கழற்றித் த்ராட்டிலையே கையில் எடுத்துவிடுவது பாதுகாப்பு. சில வண்டிகளில் கூலன்ட் குழாயும் அதோடு சேர்ந்திருக்கும். அந்த வண்டிகளைப் பட்டறைக்கே விட்டுவிடலாம். கழற்றியதைத் திரும்பப் பூட்டும்போது கேஸ்கெட் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பழையதையே வளைத்து வைத்தால் காற்றுக் கசிவு என்ற புதிய தலைவலி தொடங்கும்.

முடிந்த பிறகு முதல்முறை செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் தயங்கும், கொஞ்சம் புகையும் வரலாம். உள்ளே மிஞ்சிய திரவம் எரிகிறது, அவ்வளவுதான்.

சுத்தம் செய்த பிறகு ஐட்லிங் 1,500-க்கு ஏறிவிட்டது. கெடுத்துவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. முந்தைய கதையின் மறுபக்கம் இது. கரிக்காகத் தகட்டைக் கூடுதலாகத் திறந்து வைக்கப் பழகிய இ.சி.யு.வுக்குக் கரி போனது தெரியாது. அதே அளவு திறக்கிறது, காற்று வெள்ளமாகப் போகிறது. ஸ்கேனரில் `P0507`கூட வரலாம்.

அதற்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். பல வண்டிகளுக்கு ஒத்துவரும் முறை இது. எல்லா மின் சுமைகளையும் அணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ‘ஆன்’ நிலையில் பத்துப் பதினைந்து நொடி வையுங்கள். பிறகு அணைத்து அதே அளவு காத்திருங்கள். இந்த நேரத்தில் இ.சி.யு. தகட்டின் மூடிய நிலையைத் தேடிப் பதிந்துகொள்கிறது. அடுத்து எஞ்சினைக் கிளப்பி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ரேடியேட்டர் விசிறி ஒன்றிரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட்டுவிடுங்கள். பிறகு ஏ.சி.யைப் போட்டு ஐந்து நிமிடம். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்து ‘டி’ நிலையிலும் சில நிமிடங்கள். அதன்பின் சாதாரணமாக ஓட்டினால் சுற்று படிப்படியாக இறங்கிவிடும்.

சில நிறுவனங்களின் வண்டிகளில் இது தானாக நடக்காது. ஸ்கேனரில் `Throttle Adaptation` அல்லது `Idle Learn` போன்ற பெயரில் இருக்கும் கட்டளையைக் கொடுத்தால்தான் படியும். ஒருநாள் ஓட்டியும் இறங்கவில்லை என்றால் அங்கே போக வேண்டியதுதான். பேட்டரி மாற்றும்போதும் இதே கற்றுக்கொடுத்தலைச் செய்துவிடுவது நல்ல பழக்கம்.

என் வண்டி 2004-ஆம் ஆண்டு மாடல், ஆக்சிலரேட்டர் கேபிள் உள்ளது. மெக்கானிக் த்ராட்டிலில் உள்ள ஸ்க்ரூவைத் திருகி ஐட்லிங்கைக் கூட்டிவிட்டார். இப்போது நிற்பதில்லை. போதும்தானே?

போதாது. கேபிள் வண்டிகளில் ஐட்லிங்கின்போது தகடு முழுதாக மூடியிருக்கும். அதைச் சுற்றிப் போகும் ஒரு பக்கவாட்டுப் பாதையில் ஐ.ஏ.சி. வால்வு என்ற சிறு மோட்டார், கூம்பு முனையை முன்னும் பின்னும் நகர்த்திக் காற்றை அளக்கிறது. அந்தப் பாதையும் கூம்பும் கரி பிடித்து ஒட்டிக்கொண்டால், ஏ.சி. கேட்கும் காற்றைத் தர முடியாது. உங்கள் வண்டியில் நடந்தது பெரும்பாலும் அதுதான்.

ஸ்க்ரூ என்பது தகடு எங்கே நிற்க வேண்டும் என்று தொழிற்சாலையில் குறித்த இடம். அதைத் திருகினால் தகடு நிரந்தரமாகக் கொஞ்சம் திறந்திருக்கும். த்ராட்டில் நிலை காட்டும் சென்சார், ஓட்டுநர் இன்னும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று இ.சி.யு.விடம் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் இ.சி.யு. ஐட்லிங்கைக் கவனிப்பதையே விட்டுவிடும். காலை எடுத்தாலும் வண்டி இழுத்துக்கொண்டே போகும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஏ.சி. இல்லாத நேரத்தில் சுற்று தேவையின்றி உயரும். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஐ.ஏ.சி. வால்வைக் கழற்றி, அதன் பாதையையும் கூம்பையும் க்ளீனரால் துடைக்க வேண்டும். கூம்பை விரலால் உள்ளே அழுத்தவோ வெளியே இழுக்கவோ கூடாது; உள்ளே உள்ள திருகு மரை கெட்டுவிடும். துடைத்தும் வேலை செய்யவில்லை என்றால்தான் புது வால்வு.

அப்படியானால் பலவீனமான பேட்டரியால் ஏ.சி. போடும்போது எஞ்சின் நிற்காதா?

நிற்கும், ஆனால் தனியாக அதனால் மட்டும் நிற்பது குறைவு. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். ஆனால் ஐட்லிங்கில் அது தன் முழுத் திறனையும் தருவதில்லை. ரேடியேட்டர் விசிறி, முழு வேகத்தில் உள்விசிறி, கம்ப்ரஸர் கிளட்ச் மூன்றும் சேர்ந்தால் 30 ஆம்பியரை நெருங்கிவிடும். இரவில் ஹெட்லைட் இன்னொரு பத்து. அந்த முதல் சில நொடிகளில் பற்றாக்குறையை ஈடுகட்டுவது பேட்டரி. அது தளர்ந்திருந்தால் வோல்ட் சட்டென்று விழும். பெட்ரோல் பம்ப் தளரும், இன்ஜெக்டர் தாமதமாகத் திறக்கும், தீப்பொறியின் வலு குறையும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 14 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் 420 வாட். ஆல்டர்னேட்டரில் ஏறக்குறைய பாதி சூடாக வீணாகும் என்பதால் எஞ்சினிடம் இருந்து அது பிடுங்குவது 800 வாட், அதாவது ஒரு குதிரைத்திறனுக்குச் சற்று மேல். ஒரு செல் பழுதான பேட்டரி எந்நேரமும் சார்ஜ் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தச் சுமை இன்னும் கூடும். 750 சுற்றில் தள்ளாடும் எஞ்சினுக்கு இது சிறு விஷயம் அல்ல.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி களைத்துவிட்டது. ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். எல்லாவற்றையும் போட்டு ஐட்லிங்கில் பாருங்கள்: 13-க்கு மேல் நின்றால் கவலை இல்லை. 12.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது. அப்போது 1,500 சுற்றுக்கு ரேஸ் கொடுங்கள். 13.5-க்கு மேலே ஏறினால் ஆல்டர்னேட்டர் பிழைத்தது, ஐட்லிங் குறைவுதான் சிக்கல். ஏறவில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறதா என்று முதலில் பாருங்கள், ஆல்டர்னேட்டர் பிறகு.

பேட்டரியை மாற்றும் முன் இன்னொன்று. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, சுமைகளோடு ஓடும்போது அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பி துருப்பிடித்திருக்கிறது. தளர்ந்த டெர்மினலுக்கும் ஒரு தனிக்குணம் உண்டு: பள்ளத்தில் குலுங்கும்போது ஒரு கணம் மின்சாரம் அறுந்து, இ.சி.யு.வின் நினைவு அழிந்துவிடலாம். “ஒரு வாரம் நன்றாக ஓடுகிறது, திடீரென்று நிற்கிறது, பிறகு தானாகச் சரியாகிறது” என்று சொல்லும் வண்டிகளில் நான் முதலில் ஆட்டிப் பார்ப்பது டெர்மினலைத்தான்.

ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி கம்பியைக் கழற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

கூடாது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. பேட்டரி இல்லாதபோது ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு கணம் தாறுமாறாக எகிறும், இ.சி.யு. போனால் அந்தச் செலவில் பல பேட்டரிகள் வாங்கலாம்.

ஏ.சி. கேஸ் நிரப்பிய பிறகுதான் நிற்கத் தொடங்கியது. இதற்கும் த்ராட்டில்தான் காரணமா?

இங்கே மட்டும் முதல் சந்தேகம் ஏ.சி. மேல்தான். பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள தாளில் எத்தனை கிராம் வாயு என்று எழுதியிருக்கும். எடை போடாமல், குளிர்ச்சியைத் தொட்டுப் பார்த்து நிரப்பினால் அளவு மீறிவிடும். R134a வாயுவில் ஓடும் வண்டிக்கு வெயில் நாளில் உயர் அழுத்தப் பக்கம் 200 முதல் 250 பி.எஸ்.ஐ. வரை இருப்பது இயல்பு. அது 300-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கம்ப்ரஸர் எஞ்சினை இழுத்து நிறுத்தப் பார்க்கும். ஏ.சி. வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரைக் குளிர்விக்கும் விசிறி ஓடாவிட்டாலும் இதே விளைவுதான். ஆகவே அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டும் முன் ஏ.சி.யைப் போட்டுவிட்டு, விசிறி சுழல்கிறதா என்று எட்டிப் பாருங்கள். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் குளிர்ச்சி போய் எஞ்சினும் திணறுகிறது என்றால் விசிறியின் மேல் சந்தேகம் வலுக்கிறது.

பட்டறைக்குப் போகும்வரை எப்படி ஓட்டுவது?

ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். ஓடும்போதே எஞ்சின் அணைந்தால் பிரேக்கில் மிச்சமிருக்கும் உதவி இரண்டு மூன்று அழுத்தல்களுக்கு மட்டுமே. ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாகப் பிடியுங்கள். ஸ்டீயரிங் கனத்துவிடும், பதறாமல் வலுவாகத் திருப்பி இடப்பக்கம் ஒதுங்குங்கள். வண்டி நகரும்போது சாவியை முழுவதும் பின்னுக்குத் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஓரமாக நின்று, நியூட்ரலில் போட்டு, உள்விசிறியையும் அணைத்த பிறகு மறுபடி செல்ஃப் அடியுங்கள்.